சோதனைக் குழாயில் சாகும் கிருமி, உலோகத்தின் மேல் ஏன் சாவதில்லை?

1982-ல் கனடாவைச் சேர்ந்த மாரி, நெலிகன், காஸ்டர்ட்டன் என்ற மூவர் ஒரு நோயாளியைப் பற்றி இதய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அவருக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தது. ரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறி, ஆன்டிபயாடிக் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கடைசியில், இதயத்துக்குள் போகும் பேஸ்மேக்கர் ஒயரை வெளியே எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒயரின் மேல் பாக்டீரியாக்கள் தனித்தனியாக இல்லை. கெட்டியான ஒரு பூச்சுக்குள் அடுக்கடுக்காகப் புதைந்து கிடந்தன. உடலுக்குள் வைத்த ஒரு கருவியின் மேல் பயோஃபிலிம் என்ற படலம் உட்கார்ந்துகொண்டு தொற்றைத் திரும்பத் திரும்பக் கிளப்புவதைக் கண்ணால் பார்த்த முதல் சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

இன்றைக்கும் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்த ஒருவருக்கு மூட்டு வீங்கி வலிக்கிறது. நீர் எடுத்துக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள். ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே எந்தெந்த மருந்துக்கு அது சாகும் என்ற பட்டியலும் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். காய்ச்சல் இறங்குகிறது, வீக்கம் வற்றுகிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் பழையபடி. மறுபடி எடுத்துப் பார்த்தால் அதே கிருமி, அதே பட்டியல். மருந்துக்குப் பழகிப்போய் மாறிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஆய்வகத்தில் அதே மருந்துக்கு இன்னும் செத்துத்தான் விழுகிறது.

ஆய்வகம் தப்பு செய்யவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி வேறு. அந்த டெஸ்டில் பாக்டீரியாவை நல்ல சத்துள்ள திரவத்தில் மிதக்கவிட்டு, வேகமாகப் பெருகும் நிலையில் மருந்தைச் சேர்க்கிறார்கள். வளர்ச்சியை நிறுத்த எவ்வளவு குறைந்த மருந்து போதும் என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். மூட்டில் இருக்கும் கிருமியோ மிதக்கவில்லை, வேகமாகப் பெருகவும் இல்லை. அது உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வேறு ஒரு வாழ்க்கை வாழ்கிறது. அந்த வாழ்க்கையில் அதைக் கொல்லப் பத்து மடங்கு மருந்து தேவைப்படலாம், ஆயிரம் மடங்கும் தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடலுக்குள் செலுத்த முடியாது.

இந்த ஒரு கிருமி, இந்த ஒரு உலோக மூட்டு. இதையே பிடித்துக்கொண்டு போனால் பயோஃபிலிம் பற்றிய முக்கியமான விஷயங்கள் எல்லாம் வழியில் வந்துவிடும்.

ஒட்டுவது எப்படி

அறுவை அறையில் புது மூட்டு பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. உடலுக்குள் வைத்த மறுகணமே அது வெறும் உலோகமாக இருப்பதில்லை. ரத்தத்திலும் திசு நீரிலும் இருக்கும் புரதங்கள், முக்கியமாக ஆல்புமின், ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் ஆகியவை, அதன் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். ஆகவே பாக்டீரியா வந்து தொடுவது உலோகத்தை அல்ல, இந்தப் புரதப் பூச்சைத்தான்.

ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு இது வசதியாகப் போகிறது. ஃபைப்ரினோஜனையும் ஃபைப்ரோனெக்டினையும் பிடித்துக்கொள்வதற்கென்றே அதன் உடலின் வெளிப்புறத்தில் புரதக் கொக்கிகள் இருக்கின்றன. காயத்தில் ஒட்டிக்கொள்வதற்காக வளர்ந்த திறமை. செயற்கை மூட்டிலும் அப்படியே பலிக்கிறது.

முதலில் ஒட்டுவது லேசான ஒட்டல்தான். பாக்டீரியாவுக்கும் பரப்புக்கும் இடையே மின்னேற்றம், நீர் விலக்கும் தன்மை போன்ற பலவீனமான விசைகள் மட்டும் இருக்கும். வந்து தொட்டவற்றில் பல திரும்பப் போய்விடும். இந்த நிலையில் கழுவினால் கழன்று வரும். சில நிமிடங்களோ மணிநேரங்களோ தங்கிவிட்டவை கொக்கிகளை மாட்டிக்கொண்டால், அப்புறம் வெறும் தண்ணீர் ஓட்டத்துக்கு அசையாது. அறுவையின்போது காயத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுவதற்கும், கத்தி வைப்பதற்கு முன்பே ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவதற்கும் காரணம் இதுதான். இந்த முதல் சில மணிநேரங்களில் கிருமி இன்னும் சாதாரணக் கிருமிதான். சாதாரண அளவு மருந்துக்குச் சாகும்.

எத்தனை பாக்டீரியா வந்தால் தொற்று பிடிக்கும்? 1957-ல் எலெக், கோனென் என்ற இருவர் இதை மனிதத் தன்னார்வலர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். இன்று அப்படிச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆரோக்கியமான தோலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸைச் செலுத்திச் சீழ் பிடிக்க வைக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் தையல் நூல் ஒன்று இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தது. ஒரு நூல் அளவுக்கு அந்நியப் பொருள் இருந்தாலே கணக்கு இவ்வளவு மாறுகிறது. முழங்கால் அளவு உலோகமும் பிளாஸ்டிக்கும் இருந்தால் எப்படி என்று யோசித்துக்கொள்ளலாம்.

கட்டிக்கொள்ளும் வீடு

ஒட்டிக்கொண்ட பாக்டீரியா அங்கேயே பிரிந்து பெருகுகிறது. பிறந்தவை விலகிப் போகாமல் தாயின் பக்கத்திலேயே நிற்கின்றன. சின்னச் சின்னக் கூட்டங்கள் உருவாகி, அவை மேலே எழும்பி ஒன்றோடொன்று சேர்கின்றன. கூடவே, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு பசையைக் கசியவிடுகிறது. பார்க்க வேண்டுமானால் வெட்டிய வெண்டைக்காயின் வழவழப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், அந்தத் தண்ணீரைக் கூழாக்கிப் பிடித்து வைத்திருப்பவை நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். முற்றிய படலத்தில் பாக்டீரியாக்களின் பங்கு குறைவு, மிச்சமெல்லாம் இந்தப் பசை.

பசையில் மூன்று முக்கியமான சரக்குகள் உண்டு. முதலாவது சர்க்கரைச் சங்கிலி. ஸ்டெஃபிலோகாக்கஸில் இதைச் செய்யும் மரபணுக் கூட்டத்துக்கு ஐகா என்று பெயர். இரண்டாவது புரதங்கள். மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை: டி.என்.ஏ. கூட்டத்தில் சில பாக்டீரியாக்கள் தாமே வெடித்துச் சிதறுகின்றன. அவற்றின் உள்ளே இருந்த டி.என்.ஏ. நூல்கள் வெளியே கொட்டி, மற்றவற்றைக் கட்டிப் பிடிக்கும் கயிறாகிவிடுகின்றன. 2002-ல் ஒரு குழு சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியாவின் படலத்தின் மேல் டி.என்.ஏ.-வை வெட்டும் நொதியை விட்டுப் பார்த்தது. இளம் படலங்கள் கரைந்துபோயின. முற்றிய படலங்கள் அவ்வளவாக அசையவில்லை, ஏனென்றால் அதற்குள் மற்ற பசைகள் ஏறி இறுகிவிட்டிருந்தன. படலத்தின் வயதை மருத்துவர்கள் ஏன் இவ்வளவு விசாரிக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு குறிப்பு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படலம் முற்றியதும் அதன் ஓரங்களிலிருந்து துண்டுகளும் தனிக் கிருமிகளும் கழன்று போக ஆரம்பிக்கும். இது தற்செயலாக நடப்பது மட்டுமல்ல. ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் பசையைத் தானே கரைக்கும் பொருள்களைச் சுரந்து சிலவற்றை விடுவிக்கிறது. கழன்றவை ரத்தத்தில் கலக்கும்போதுதான் காய்ச்சலும் நடுக்கமும் வருகின்றன. மருந்து கொடுத்தால் இந்தக் கழன்ற கிருமிகள் சுலபமாகச் செத்துவிடுகின்றன. காய்ச்சல் இறங்குகிறது, எல்லாரும் நிம்மதி அடைகிறார்கள். அவற்றை அனுப்பிய கூடு அப்படியே இருக்கிறது. பேஸ்மேக்கர் நோயாளிக்கு நடந்தது இதுவேதான்.

பசை மருந்தைத் தடுக்கிறதா?

பயோஃபிலிம் ஏன் சாகவில்லை என்று கேட்டால் முதலில் தோன்றும் பதில், மருந்து உள்ளே போகவில்லை என்பது. பல பாடங்களிலும் விளம்பரங்களிலும் படலத்தை ஒரு கோட்டைச் சுவராக வரைந்திருப்பார்கள். சில மருந்துகளுக்கு அது சரி. முக்கால்வாசி ஆன்டிபயாடிக்குகளுக்குச் சரியல்ல. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

சரியாக இருக்கும் பக்கத்தை முதலில் பார்ப்போம். லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர், நுண்ணோக்கியால் பாக்டீரியாவை முதலில் பார்த்தவர், தன் பல்லில் படிந்திருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டிப் பார்த்தார். 1684-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சான அவருடைய கடிதத்தில், வினிகரால் பல்லைக் கழுவியபோது படிவின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டும் செத்தன என்றும், வினிகர் முழுப் படிவுக்குள்ளும் ஊடுருவவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பல்லில் படியும் அந்தப் படிவும் ஒரு பயோஃபிலிம்தான்.

மூன்று நூற்றாண்டு கழித்து, 1994-ல், மிக நுண்ணிய மின்முனை ஊசிகளைப் படலத்துக்குள் செருகிக் குளோரின் அளவை நேரடியாக அளந்தார்கள். வெளியே தண்ணீரில் இருந்த குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் படலத்துக்குள் இருந்தது. பசை இடத்தை அடைத்துக்கொண்டு தடுத்ததல்ல காரணம். குளோரின் எதைத் தொட்டாலும் வினைபுரிந்து தீர்ந்துபோகும் பொருள். படலத்தின் மேல் அடுக்கில் உள்ள சர்க்கரை, புரதம், செத்த கிருமி எல்லாவற்றோடும் சண்டை போட்டே அது செலவாகிவிடுகிறது, அடியில் உள்ளவற்றுக்கு மிச்சமில்லை. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழவழப்பு இருக்கும்போது ப்ளீச்சிங் பவுடரை மட்டும் கரைத்து ஊற்றினால் சில நாட்களில் அது திரும்ப வருவதற்கு இதுவே பெரிய காரணம். முதலில் தேய்த்து எடுத்துவிட்டு அப்புறம் ப்ளீச்சிங் போட்டால் வேலை செய்யும்.

ஆன்டிபயாடிக் விஷயம் வேறு. அவற்றின் மூலக்கூறுகள் சிறியவை, பசையோ பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரில் கரையும் எதுவும் அதற்குள் பரவிப் போய்விடும். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலான மருந்துகள் அடித்தளம் வரை போகச் சில நிமிடங்களே ஆகும். ஜென்டாமைசின் போல நேர்மின்னேற்றம் கொண்ட மருந்துகள் எதிர்மின்னேற்றம் கொண்ட பசையில் ஒட்டித் தாமதமாகும். அதுவும் தாமதம்தான், நிரந்தரத் தடை அல்ல.

இதை அழகாகப் பிரித்துக் காட்டிய சோதனை ஒன்று 2000-ல் அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து வந்தது. ஆண்டர்ல், ஃபிராங்க்ளின், ஸ்டூவர்ட் என்ற மூவர் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. சத்துள்ள அகார் கூழின் மேல் நுண்துளைகள் உள்ள மெல்லிய சவ்வை வைத்து, அந்தச் சவ்வின் மேல் படலத்தை வளர்த்தார்கள். படலம் வளர்ந்தபின் அதைச் சவ்வோடு தூக்கி, ஆம்பிசிலின் கலந்த அகாரின் மேல் வைத்தார்கள். மருந்து கீழிருந்து படலத்தைக் கடந்து மேலே வந்தால், மேலே வைத்த சிறிய வடிதாளில் அது தெரியும்.

க்ளெப்சியெல்லாவிடம் ஆம்பிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி உண்டு. அந்த நொதி இருந்த படலத்தில் மருந்து மறுபக்கம் வரவேயில்லை. போகிற வழியிலேயே உடைபட்டுவிட்டது. சரி, இதுதான் காரணம் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த நொதியைச் செய்ய முடியாதபடி மரபணு கெட்டுப்போன ஒரு வகையை எடுத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை ஆம்பிசிலின் தடையில்லாமல் படலத்தைக் கடந்து மேலே வந்தது. இதே கிருமி திரவத்தில் மிதந்தபோது அந்த மருந்தில் கூட்டம் கூட்டமாகச் செத்தது. படலத்துக்குள் இருந்தவையோ, மருந்து தம்மைச் சுற்றி முழுக்க நிரம்பியிருந்தும், பெரும்பாலும் சாகவில்லை.

மருந்து போய்ச் சேர்ந்தும் சாகவில்லை. ஆகவே ரகசியம் சுவரில் இல்லை, உள்ளே இருப்பவற்றின் நிலையில் இருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் படலங்களிலும் வான்கோமைசின், ரிஃபாம்பிசின் போன்றவை உள்ளே போவதையும், போயும் கொல்லாமல் விடுவதையும் பிறகு வேறு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பசியில் கிடப்பவை

படலத்தின் மேல் அடுக்கில் உள்ள பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜனும் உணவும் முதலில் கிடைக்கின்றன. அவை வாங்கித் தின்றுவிடுகின்றன. மின்முனை ஊசியால் ஆக்சிஜனை அளந்தால், மேலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழம் போவதற்குள் அது ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுவது தெரியும். அதற்குக் கீழே இருப்பவை மூச்சுக்குத் திணறிப் பட்டினியில் கிடக்கின்றன. சாவதில்லை, வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன.

இப்போது ஆன்டிபயாடிக்குகள் எப்படிக் கொல்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பெனிசிலின் குடும்பம் பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. பாக்டீரியா வளரும்போது பழைய சுவரைப் பிரித்துப் புதுச் சுவரைக் கட்ட வேண்டும். பிரிப்பது நடந்து கட்டுவது மட்டும் நின்றுபோனால் அது வெடிக்கும். வளராத பாக்டீரியா சுவரைப் பிரிப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை. மருந்துக்குக் கெடுக்க ஒரு வேலையே அங்கே நடக்கவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை டி.என்.ஏ. நகலெடுக்கும் இயந்திரத்தைப் பிடித்து நிறுத்துபவை. அவற்றுக்கும் வேகமாக நகலெடுக்கும் கிருமிதான் சுலபமான இலக்கு. ஜென்டாமைசினுக்கு வேறு சிக்கல்: கிருமி ஆக்சிஜனை வைத்து மூச்சுவிடும்போது உண்டாகும் மின்னழுத்தம்தான் அதைச் செல்லுக்குள் இழுக்கிறது. ஆக்சிஜன் இல்லாத அடி அடுக்கில் அந்த இழுப்பு இல்லை.

ஆக, கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை சுறுசுறுப்பான கிருமியைக் கொல்லவே பொருத்தமானவை. சோம்பிக் கிடப்பதே இங்கே பாதுகாப்பு.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும், மருந்துக்கடையிலும் செய்திகளிலும் இதைக் குழப்புகிறார்கள். மரபணு மாறி, மருந்து இருக்கும்போதே ஒரு கிருமி வளர்கிறது என்றால் அதற்கு எதிர்ப்பு வந்துவிட்டது. அதன் பிள்ளைகளுக்கும் அது போகும், ஆய்வக ரிப்போர்ட்டிலும் தெரியும். பயோஃபிலிமில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. மருந்து இருக்கும்போது இந்தக் கிருமி வளர்வதில்லை, ஆனால் சாவதும் இல்லை, பொறுத்துக்கொண்டு கிடக்கிறது. படலத்தைக் கலைத்து, கிருமியைத் தனியாகப் பிரித்து, திரவத்தில் வளர்த்தால் பழையபடி மருந்துக்குச் சாகும். அதனால்தான் ஆய்வகத்தில் அது அப்பாவியாகத் தெரிகிறது.

பத்து லட்சத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று

1944-ல், பெனிசிலின் புதுசாகப் புழக்கத்துக்கு வந்த காலத்தில், ஜோசப் பிகர் என்ற ஐரிஷ் மருத்துவர் ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்த திரவத்தில் பெனிசிலினைப் போட்டுப் பார்த்தார். எவ்வளவு போட்டாலும் முழுக்கச் சாகவில்லை. ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று மிஞ்சியது. மிஞ்சியதை எடுத்து வளர்த்தார். அதன் சந்ததி பழையபடி பெனிசிலினுக்குச் செத்தது, மறுபடி சில மட்டும் மிஞ்சின. அப்படி மிஞ்சியவற்றுக்கு அவர் வைத்த பெயர் பெர்சிஸ்டர். மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல், மருந்து வருவதற்கு முன்பே தற்செயலாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விட்ட செல்கள் அவை.

மிதக்கும் கூட்டத்தில் இவை அரிது. பட்டினி கிடக்கும் படலத்தில் அதிகம். இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு பக்கம் ரத்தத்தில் மிதக்கும் ஒரு கோடி கிருமிகள், அவற்றில் பத்து லட்சத்தில் ஒன்று உறங்குகிறது. மருந்து மற்றதையெல்லாம் கொன்றால் மிச்சம் பத்து. அந்தப் பத்தை வெள்ளையணுக்கள் தேடித் தின்றுவிடும், தொற்று தீர்ந்தது. இன்னொரு பக்கம் மூட்டின் மேல் படலத்தில் அதே ஒரு கோடி, ஆனால் ஆயிரத்தில் ஒன்று உறங்குகிறது. மருந்து 99.9 சதவீதத்தைக் கொன்றாலும் மிச்சம் பத்தாயிரம். இந்தப் பத்தாயிரம் பசைக்குள் இருப்பதால் வெள்ளையணுக்களால் விழுங்க முடியாது. மருந்தை நிறுத்தியதும் சில விழித்துக்கொள்கின்றன. பத்தே முறை இரட்டித்தால் பத்தாயிரம் திரும்ப ஒரு கோடி ஆகிவிடும்.

வெள்ளையணு ஏன் தோற்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். ஒரு வெள்ளையணுவால் தன்னைவிடச் சிறியதைத்தான் விழுங்க முடியும். தனிக் கிருமி அதற்கு ஒரு வாய். படலமோ அதைவிடப் பல மடங்கு பெரியது. விழுங்க முடியாமல் அது தன்னிடமுள்ள அரிக்கும் நொதிகளை வெளியே கொட்டுகிறது. அது படலத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் எலும்பையும் திசுவையும்தான் அதிகமாக அரிக்கிறது. தொற்றிய மூட்டு மெல்லத் தளர்ந்து ஆட ஆரம்பிப்பதில் இந்த அரிப்புக்கும் பங்கு உண்டு.

மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்

முதல் தலைவலி, கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே. படலத்துக்குள் ஒட்டிக்கிடப்பவை மூட்டு நீரில் மிதக்காது. அதனால் நீரை எடுத்து வளர்த்தால் எதுவும் முளைக்காமல் போகலாம், மூட்டில் தொற்றே இல்லை என்று தப்பாக முடிவு கட்டிவிடலாம். இதற்கு ஒரு நல்ல வழி 2007-ல் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கழற்றிய செயற்கை மூட்டை ஒரு பெட்டியில் திரவத்தோடு வைத்து மீயொலி அலைகளால் அதிரவைத்தார்கள். அதிர்வில் படலம் உதிர்ந்து திரவத்தில் கலக்கும், அந்தத் திரவத்தை வளர்த்துப் பார்க்கலாம். மூட்டைச் சுற்றியுள்ள திசுவை வழக்கமான முறையில் வளர்த்தபோது 60.8 சதவீதத் தொற்றுகள் அகப்பட்டன, அதிரவைத்த திரவத்தில் 78.5 சதவீதம் அகப்பட்டன. ஏற்கனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது. ஆனால் மூட்டைக் கழற்றினால்தான் இந்த டெஸ்டைச் செய்ய முடியும்.

சிகிச்சையில் படலத்தின் வயதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அறிகுறி தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் என்றால், மூட்டு ஆடாமல் உறுதியாக இருந்தால், மூட்டைக் கழற்றாமலேயே திறந்து, கெட்ட திசுவை வெட்டி, நன்றாகத் தேய்த்துக் கழுவி, கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பகுதியை மாற்றிப் பார்ப்பார்கள். அதைவிடப் பழைய தொற்று என்றால் பெரும்பாலும் எல்லா உலோகத்தையும் எடுத்துவிட வேண்டியதுதான். நோயாளிக்கு இது கொடுமையாகப் படும், மாத்திரையில் தீர்த்துவிடக் கூடாதா என்று கேட்பார்கள். படலம் ஒட்டியிருக்கும் பரப்பையே வெளியே எடுப்பதைவிட நம்பகமான வழி இன்னும் வரவில்லை. மைய ரத்தக்குழாயில் போட்ட டியூபில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பிடித்தாலும் மருத்துவர் டியூபை உருவிவிடச் சொல்வது இதனால்தான்.

மூட்டை விட்டுவைத்துச் சிகிச்சை செய்வதானால், ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு மட்டும் ஒரு விசேஷ மருந்து உண்டு: ரிஃபாம்பிசின். காசநோய்க்குக் கொடுக்கும், சிறுநீரைச் சிவப்பாக்கும் அதே மாத்திரைதான். டி.என்.ஏ.-விலிருந்து ஆர்.என்.ஏ. நகலெடுக்கும் நொதியை அது பிடித்து நிறுத்துகிறது. மெதுவாக வாழும் செல்லிலும் அந்த நொதி கொஞ்சமாவது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மற்ற மருந்துகள் தவறும் இடத்தில் இது ஓரளவு பிடிக்கிறது.

அதைத் தனியாக மட்டும் கொடுக்கவே கூடாது. அந்த நொதியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் மருந்து ஒட்டாமல் போய்விடும், அப்படி மாறிய கிருமி ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்றாக முன்கூட்டியே இருக்கலாம். படலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும்போது அதுவும் அங்கே இருக்கும். மற்றவை செத்தபின் அந்த ஒன்று பெருகி முழு இடத்தையும் பிடிக்கும், இந்த முறை ரிப்போர்ட்டிலும் எதிர்ப்பு தெரியும். ஆகவே முதலில் அறுவையில் தேய்த்துக் கழுவி எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள், காயம் ஆறிக் கசிவு நிற்கும்வரை பொறுக்கிறார்கள், அப்புறம் கூட இன்னொரு மருந்தைச் சேர்த்தே ரிஃபாம்பிசினைக் கொடுக்கிறார்கள். தொடைமூட்டுக்கு மூன்று மாதம், முழங்காலுக்கு ஆறு மாதம் என்பது பழைய கணக்கு.

இதற்கு அடிப்படையான சோதனை 1998-ல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்றிய, ஆனால் உறுதியாக நின்ற உலோகக் கருவிகள் உள்ளவர்கள். எல்லாருக்கும் முதலில் கழுவும் அறுவை. அப்புறம் பாதிப் பேருக்குச் சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின், மீதிப் பேருக்குச் சிப்ரோஃப்ளாக்சசினோடு வெற்று மாத்திரை. சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் ரிஃபாம்பிசின் சேர்த்த 12 பேரும் குணமானார்கள், சேர்க்காதவர்களில் 12-க்கு 7 பேர். கிருமி இரண்டு கூட்டத்திலும் சிப்ரோஃப்ளாக்சசினுக்குச் சாகும் கிருமிதான், ரிப்போர்ட்டில் வித்தியாசம் எதுவும் இருந்திருக்காது.

இருபத்துநாலு பேரை வைத்துக் கிடைத்த முடிவு என்பதால் இதன் மேல் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. 2020-ல் நார்வேயில் வெளிவந்த ஒரு சோதனையில், வேறு துணை மருந்துகளோடு ரிஃபாம்பிசினைச் சேர்த்தபோது தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை. அதிலும் ஆட்கள் குறைவு. இரண்டிலுமே எல்லாருக்கும் முதலில் நடந்தது கத்தியும் கழுவலும்தான். இந்த விஷயத்தில் எலும்பு மருத்துவர்களும் தொற்றுநோய் மருத்துவர்களும் அதிகம் சண்டை போடாத ஒரே பகுதி அது.